நூறு பேரில் இரண்டு பேருக்கு

2012 மார்ச் 9 அன்று மும்பையில் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் பி.எச். குரியன் ஓர் ஆணை பிறப்பித்தார். முற்றிய நிலையில் உள்ள கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கப்படும் சோராஃபெனிப் என்ற மருந்தைப் பற்றிய ஆணை அது. இந்தியாவில் அதன் காப்புரிமை ஜெர்மனியின் பேயர் நிறுவனத்திடம் இருந்தது. 'நெக்சாவர்' என்ற பெயரில் பேயர் அதை விற்றுவந்தது. ஒரு நோயாளிக்கு ஒரு மாதத்துக்கு 120 மாத்திரைகள் வேண்டும். அதன் விலை 2,80,428 ரூபாய். ஐதராபாத்தைச் சேர்ந்த நாட்கோ நிறுவனம், அதே மருந்தை ஒன்பதாயிரம் ரூபாய்க்கும் குறைவாகத் தன்னால் தர முடியும் என்று விண்ணப்பித்திருந்தது.

இரண்டு விலைகளுக்கும் இடையே முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆணையைப் படிக்கிறவரைத் துணுக்குறச் செய்யும் இன்னொரு செய்தியும் அதில் உண்டு. இந்த மருந்து தேவைப்பட்ட நோயாளிகளில் 2 சதவீதத்தைச் சற்றே தாண்டியவர்களுக்குத்தான் பேயரின் மருந்து போய்ச் சேர்ந்திருக்கிறது என்று கட்டுப்பாட்டாளர் கண்டார்.

இதைக் கேட்டதும் "பேராசை" என்ற சொல் நம் வாயில் வந்துவிடும். ஆனால் அந்தச் சொல் எதையும் விளக்கவில்லை. பேராசைக்காரர் என்றால் மிச்சமிருக்கும் 98 பேரிடமும் அல்லவா விற்கப் பார்ப்பார்? அவர்களில் மாதம் ஐம்பதாயிரம் புரட்டக்கூடியவர்கள் இருந்திருப்பார்கள். நகையை விற்று இருபதாயிரம் கொடுக்கக்கூடியவர்கள் இருந்திருப்பார்கள். மருந்தைச் செய்யும் செலவோ சில ஆயிரம்தான். கையை நீட்டினால் கிடைக்கும் லாபத்தை ஒரு நிறுவனம் ஏன் வேண்டாம் என்கிறது? இன்னொரு பக்கம், போட்டிக்கு ஆளில்லாத சந்தையில் விலையை 28 லட்சம் என்று வைக்காமல் 2.8 லட்சத்தில் ஏன் நிறுத்தியது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே.

பூட்டிக் கிடக்கும் வீடு

ஒரு சின்ன ஊரில் ஒரு தெரு. அங்கே வாடகைக்கு விடுவதற்கென்று வரிசையாகக் கட்டிய வீடுகள் ஒரே ஒருவருக்குச் சொந்தம். நான்கு வீடுகளில் ஆள் இருக்கிறார்கள், மாதம் 7,000 ரூபாய் வாடகை. ஐந்தாவது வீடு காலி. ஒரு குடும்பம் வந்து 6,000 தருகிறோம் என்கிறது. வீட்டுக்காரர் மறுத்துவிடுகிறார். வீடு பூட்டியே கிடக்கிறது.

வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு இது புரிவதில்லை. சும்மா கிடக்கிற வீட்டுக்கு 6,000 வந்தால் கசக்குமா என்று கேட்கிறோம். வீட்டுக்காரரின் கணக்கு வேறு. ஐந்தாவது வீட்டை 6,000-க்கு விட்ட செய்தி மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியிலேயே பரவிவிடும். "எங்களுக்கு மட்டும் ஏன் ஏழாயிரம்?" என்று மற்ற நால்வரும் வந்து நிற்பார்கள். அவர்களுக்கும் ஆயிரம் குறைத்தாக வேண்டும். ஆக, வருவது 6,000, போவது 4,000. ஐந்தாவது வீட்டால் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது 2,000 ரூபாய்தான். அந்த வீட்டில் ஆள் வந்தால் மோட்டார், தண்ணீர், மராமத்து என்று 3,000 செலவாகும் என்றால், விடுவதைவிடப் பூட்டிவைப்பதே அவருக்கு லாபம்.

இந்த 2,000-க்குப் பொருளியலில் ஒரு பெயர் உண்டு: இறுதிநிலை வருவாய். இன்னும் ஒன்றை விற்பதால் மொத்த வருவாயில் ஏற்படும் மாற்றம் என்று பொருள். 'இறுதி' என்பதை முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வரிசையில் கடைசியாகச் சேர்ந்த அந்த ஒன்று என்று கொள்ளுங்கள். இலங்கைப் பாடநூல்கள் இதை 'எல்லை' என்ற சொல்லால் குறிக்கின்றன. அதுவும் நல்ல சொல்தான். இன்னும் ஒன்றைத் தருவதால் மொத்தச் செலவில் கூடுகிற 3,000 ரூபாய், இறுதிநிலைச் செலவு.

நம் கண்ணுக்குத் தெரிவது வாடகை 6,000. வீட்டுக்காரர் பார்ப்பது 2,000. அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் தானாக அவிழும். எல்லாருக்கும் ஒரே விலை என்பதால்தான் அது வருகிறது. புதிதாக ஒருவரை உள்ளே இழுக்க விலையைக் குறைத்தால், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களிடமும் குறைத்தாக வேண்டியிருக்கிறது.

ஊரில் ஆயிரம் வீட்டுக்காரர்கள் இருந்தால் இந்தக் கணக்கு எழாது. ஒருவர் தன் காலி வீட்டை விடுவதால் ஊர் வாடகை இறங்கிவிடாது. நடப்பு வாடகை முழுவதும் அவர் கைக்கு வரும். தனி ஒருவராக விற்கும்போதுதான் தன் சரக்கே தன் விலையை இறக்குகிறது. இப்படித் தனி ஒருவராக விற்கும் நிலையை முற்றுரிமை என்கிறோம்.

உயர வரிசை

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்துவார்கள். அப்படியே ஒரு பொருளை வாங்க விரும்புகிறவர்களை நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொருவரின் உயரமும் அவர் அதிகபட்சமாகக் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகை. மிக உயரமானவர் முதலில், அடுத்தவர் அவருக்குப் பின்னால். தலைகளை இணைத்து ஒரு கோடு வரைந்தால் அது இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும். இதுதான் தேவைக் கோடு.

விற்பவர் இந்த வரிசையில் ஓரிடத்தில் கயிறு கட்டுகிறார். கயிற்றுக்கு முன்னால் நிற்பவர்களுக்குப் பொருள் கிடைக்கும். பின்னால் நிற்பவர்களுக்குக் கிடைக்காது. விலை எவ்வளவு? கயிற்றுக்கு முன்னால் கடைசியாக நிற்பவரின் தலை உயரம்தான் விலை. அதற்கு மேல் வைத்தால் அவர் விலகிவிடுவார். அதற்குக் கீழே வைத்தால் வாங்கக்கூடிய பணத்தை வாங்காமல் விட்டதாகும்.

முற்றுரிமையாளர் எந்த விலை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று பொதுவாகச் சொல்கிறோம். அது பாதி உண்மை. கயிற்றை எங்கே கட்டுவது என்பது மட்டுமே அவர் விருப்பம். கட்டிய பிறகு விலையைச் சொல்வது வரிசையில் நிற்பவர்களின் உயரம். 28 லட்சம் என்று ஏன் வைக்கவில்லை என்ற கேள்விக்கு இது தொடக்கம்: அந்த உயரத்தில் தலைகள் இல்லை, அல்லது ஒன்றிரண்டுதான் இருந்தன.

கூர்னோவின் ஊற்று

கயிற்றை எங்கே கட்டினால் லாபம் அதிகம் என்று முதன்முதலில் கணித முறையில் கேட்டவர் பிரெஞ்சுக்காரரான அன்ட்வான் ஒகுஸ்தென் கூர்னோ. 1838-ல் அவர் வெளியிட்ட நூல் அன்று ஏறக்குறைய யாராலும் சீண்டப்படவில்லை. பொருளியலில் கணிதக் குறியீடுகளைப் பார்த்தே பலர் புத்தகத்தை மூடியிருக்க வேண்டும். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அதன் அருமை தெரிந்தது. கூர்னோ எடுத்துக்கொண்ட உதாரணம் மிக எளிமையானது. ஒருவருடைய நிலத்தில் உடலுக்கு நல்லது செய்யும் கனிமநீர் ஊற்று இருக்கிறது. வேறெங்கும் அப்படி ஒன்று இல்லை. நீரை எடுக்க அவருக்குச் செலவே கிடையாது. என்ன விலை வைப்பார்?

கூர்னோ எண்களைத் தரவில்லை. நான் எளிதான எண்களைப் போட்டுக்கொள்கிறேன். வரிசையில் முதல் ஆள் ஒரு குடத்துக்கு 100 ரூபாய் தருவார், அடுத்தவர் 90, அடுத்தவர் 80 என்று பத்துப் பத்தாக இறங்கட்டும்.

| குடங்கள் | விலை | மொத்த வருவாய் | இறுதிநிலை வருவாய் |
|---|---|---|---|
| 1 | 100 | 100 | 100 |
| 2 | 90 | 180 | 80 |
| 3 | 80 | 240 | 60 |
| 4 | 70 | 280 | 40 |
| 5 | 60 | 300 | 20 |
| 6 | 50 | 300 | 0 |
| 7 | 40 | 280 | −20 |

இரண்டாவது பத்தியையும் கடைசிப் பத்தியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விலை பத்துப் பத்தாக இறங்குகிறது; இறுதிநிலை வருவாய் இருபது இருபதாக இறங்குகிறது. முதல் குடத்தில் இரண்டும் சேர்ந்தே தொடங்கினாலும் போகப் போக விலகுகின்றன. இடைவெளி பெரிதாகிக்கொண்டே போவதற்குக் காரணம் எளிது: வரிசை நீள நீள, பத்து ரூபாய் திருப்பித் தர வேண்டியவர்களின் எண்ணிக்கை கூடுகிறது.

ஏழாவது குடத்தைக் கவனியுங்கள். அதை வாங்க ஒருவர் 40 ரூபாயுடன் நிற்கிறார். நீருக்குச் செலவும் இல்லை. ஆனாலும் அதை விற்றால் ஊற்றுக்காரரின் வருவாய் 300-லிருந்து 280-க்குக் குறைகிறது. ஏழாவது ஆளுக்குக் கொடுப்பதைவிட அந்த நீர் மண்ணில் ஓடிப்போவதே அவருக்கு நல்லது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் மலுக்குத் தீவுகளின் வாசனைப் பொருள் வணிகத்தைக் கையில் வைத்திருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, தன் கட்டுப்பாட்டுக்கு வெளியே வளர்ந்த கிராம்பு மரங்களைப் படகுகளில் போய் வெட்டிச் சாய்த்ததும், மிஞ்சிய சரக்கை எரித்ததும் இதே கணக்கில்தான். சரக்குக்கு விலை உண்டு. ஆனால் அதற்குரிய இறுதிநிலை வருவாய் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது.

ஊற்றுக்காரருக்குச் செலவே இல்லாததால், இறுதிநிலை வருவாய் பூஜ்யத்தைத் தொடும் இடத்தில் நிறுத்துகிறார். ஐந்து குடமோ ஆறு குடமோ, வருவாய் 300.

அடுத்து கூர்னோ உதாரணத்தைக் கொஞ்சம் மாற்றினார். இயற்கை ஊற்றுக்குப் பதிலாக, அதே நீரைச் செயற்கையாகக் கலந்து செய்யும் ரகசியம் தெரிந்த ஒருவர். இப்போது கலவைப் பொருளுக்கும் ஆள்கூலிக்கும் காசு வேண்டும். குடத்துக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் ஒவ்வொரு குடத்துக்கும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்கிறார்: இது கொண்டுவருவது அதிகமா, கொண்டுபோவது அதிகமா? மூன்றாவது குடம் 60 கொண்டுவருகிறது, 30 கொண்டுபோகிறது. செய்யலாம். நான்காவது 40 கொண்டுவருகிறது. செய்யலாம். ஐந்தாவது 20 மட்டுமே கொண்டுவருகிறது, ஆனால் 30 செலவு. வேண்டாம். நான்கில் நிறுத்துகிறார். லாபத்தைப் போட்டுப் பார்த்தாலும் அதுவே வரும்: மூன்று குடத்தில் 150, நான்கில் 160, ஐந்தில் மறுபடி 150.

குடம் குடமாக எண்ணாமல் துளித்துளியாக எண்ணினால், இறங்கிவரும் இறுதிநிலை வருவாய் இறுதிநிலைச் செலவைச் சந்திக்கும் புள்ளியில் அவர் நிற்பார். முற்றுரிமையின் லாபம் உச்சத்தைத் தொடும் இடம் அது. கூர்னோவுக்கு ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 1933-ல், கேம்பிரிட்ஜின் ஜோன் ராபின்சன் தம் நூலில் இதைக் கோடுகளாக வரைந்து வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். இன்று மாணவர்கள் வரையும் படம் பெரும்பாலும் அவர் வழியில் வந்ததே.

அந்தப் படத்தில் மாணவர்கள் வழக்கமாகத் தவறுவது ஓரிடத்தில். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியின் உயரத்தையே விலை என்று எழுதிவிடுகிறார்கள். வெட்டும் புள்ளி எத்தனை குடம் என்பதை மட்டும் சொல்கிறது. அது கயிற்றின் இடம். அங்கிருந்து நேரே மேலே போய்த் தேவைக் கோட்டைத் தொட வேண்டும். நான்காவது ஆளின் தலை உயரம் 70. விலை 70. செலவு 30-க்கும் விலை 70-க்கும் இடையே தெரியும் 40 ரூபாய்தான் முற்றுரிமை தரும் மிகை.

கயிற்றுக்குப் பின்னால் நிற்பவர்களையும் பார்க்க வேண்டும். ஐந்தாமவர் 60 தருவார், ஆறாமவர் 50, ஏழாமவர் 40. மூவருமே செய்யும் செலவுக்கு மேல் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். யாருக்கும் நட்டமில்லாமல் அவர்களுக்குக் கொடுத்திருக்க முடியும். ஆனாலும் கிடைக்காது. முற்றுரிமையின் உண்மையான கேடு இதுதான் என்பது என் எண்ணம். நான்கு பேரிடம் கூடுதலாக வாங்கிய பணம் விற்பவர் பைக்காவது போகிறது. இந்த மூவர் இழந்தது யாருக்கும் போய்ச் சேரவில்லை.

ஆராய்ச்சிச் செலவு எங்கே?

மருந்து விலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு பதில் வரும்: பல ஆண்டு ஆராய்ச்சிக்குக் கொட்டிய பணத்தை மீட்கவே இந்த விலை. இதை நம் அட்டவணையில் சோதித்துப் பார்க்கலாம். ரகசியத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு 100 ரூபாய் செலவானது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு குடத்தில் லாபம் 160-லிருந்து 60 ஆகும். மூன்றிலும் ஐந்திலும் 50 ஆகும். உச்சம் இன்னமும் நான்கில்தான். கண்டுபிடிப்பு இலவசமாகவே கிடைத்திருந்தாலும் விலை 70-தான். முன்பே செலவாகி முடிந்த பணம் அடுத்த குடத்தின் கணக்கில் நுழைவதில்லை.

அதனால் ஆராய்ச்சிச் செலவு பொய் என்று ஆகாது. லாபம் வரும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அடுத்த மருந்தைத் தேட யாரும் பணம் போட மாட்டார்கள்; காப்புரிமை என்ற ஏற்பாடே அதற்காகத்தான். ஆனால் ஆராய்ச்சியில் இறங்குவதா என்று முடிவுசெய்வது ஒரு கணக்கு, கண்டுபிடித்த மருந்துக்கு விலை வைப்பது இன்னொரு கணக்கு. முதல் கணக்கைக் காட்டி இரண்டாவதை நியாயப்படுத்துவது சரியல்ல.

பனைமரமும் புல்லும்

இதுவரை வரிசை சீராக இறங்கியது. நிஜ ஊர்கள் அப்படி இருப்பதில்லை. நெக்சாவர் புதிரின் திறவுகோல் அந்த வரிசையின் வடிவத்தில் இருக்கிறது.

இரண்டு ஊர்களைக் கற்பனை செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் பத்து நோயாளிகள். இரண்டு ஊரிலும் பத்துப் பேரும் சேர்ந்து கொடுக்கக்கூடிய மொத்தத் தொகை ஒன்றே: மாதம் 5,24,000 ரூபாய். மருந்து செய்யும் செலவு ஆளுக்கு 8,000.

முதல் ஊரில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வசதியுள்ளவர்கள். முதலாமவர் 60,000 தருவார். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பத்தாமவர் 45,000 தருவார். இங்கே ஒருவரைக் கூடுதலாகச் சேர்க்க விலையைச் சற்றே இறக்கினால் போதும். உள்ளே இருப்பவர்களுக்குத் திருப்பித் தருவது சொற்பம். பத்தாமவருக்கு முந்தையவரின் உயரம் 46,000. விலையை 45,000 ஆக்கினால் ஒன்பது பேரிடம் தலா ஆயிரம் போகும், புதியவரிடம் 45,000 வரும். இறுதிநிலை வருவாய் 36,000, செலவு 8,000. ஆகவே விற்பவர் பத்துப் பேருக்குமே விற்பார். தர்ம சிந்தனையால் அல்ல, லாபக் கணக்காலேயே.

இரண்டாவது ஊரில் முதலாமவர் 2,20,000 தருவார், அடுத்தவர் 1,40,000. மூன்றாமவர் 50,000. பிறகு 35, 25, 18, 14, 10, 7, 5 ஆயிரங்கள். இரண்டு பனைமரங்கள், பிறகு புதர், பிறகு புல். இரண்டு பேருக்கு 1,40,000 விலையில் விற்றால் வருவாய் 2,80,000. மூன்றாமவரைச் சேர்க்க விலையை 50,000 ஆக்க வேண்டும். வருவாய் 1,50,000-க்குச் சரிந்துவிடும். ஒருவரைச் சேர்த்ததற்கு இழப்பு 1,30,000. எல்லாரையும் சேர்த்தாலோ வருவது மொத்தமே 50,000. ஆகவே விற்பவர் இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்வார். செலவைப்போல ஆறு மடங்கு கொடுக்கத் தயாராக நிற்கிற மூன்றாமவர் கயிற்றுக்கு வெளியே நிற்பார்.

விதி ஒன்று, செலவு ஒன்று, மொத்தப் பணமும் ஒன்று. ஓர் ஊரில் விலை 45,000. ஏற்றத்தாழ்வு மிக்க ஊரில் 1,40,000. ஏழைகள் நிறைந்த நாட்டில் விலை தானாகக் குறைவாக இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஷான் ஃபிளின், ஐடன் ஹோலிஸ், மைக் பால்மிடோ ஆகிய மூவர் 2009-ல் இதை நார்வே, தென்னாப்பிரிக்கா இரண்டின் வருமானப் பகிர்வை வைத்து ஒப்பிட்டுக் காட்டினார்கள். நார்வேயில் விற்பவருக்கு ஆதாயமான விலை பெரும்பாலோர் வாங்கக்கூடியதாக அமைகிறது; தென்னாப்பிரிக்காவிலோ அது உச்சியில் இருக்கும் சிறு பகுதியினரோடு நின்றுவிடுகிறது.

எப்படித் தெரியும்?

இது காகிதக் கணக்கு மட்டும்தானா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இறுதிநிலைச் செலவை எந்த நிறுவனமும் அட்டையில் அச்சிடுவதில்லை. வெளியிலிருந்து அதை அறிய நல்ல வழி, இன்னொருவர் அதே பொருளைச் செய்து விற்கும் தருணத்துக்குக் காத்திருப்பது. 2012 ஆணை தந்த அனுமதியின்படி நாட்கோ 8,880 ரூபாய்க்கு விற்றது; அதற்குள் பேயருக்கு விற்பனையில் 6 சதவீத உரிமத்தொகையும் கொடுக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு சிப்லா நிறுவனம் தன் மருந்தின் விலையை 6,840 ரூபாயாகக் குறைத்தது. நட்டத்துக்கு விற்கவில்லை என்று கொண்டால், செய்யும் செலவு அதற்கும் கீழே.

இப்போது ஆபா லெர்னர் 1934-ல் தந்த அளவுகோலை எடுத்துக்கொள்வோம். விலையில் எத்தனை சதவீதம் செலவுக்கு மேற்பட்ட மிகை என்று அது கேட்கிறது. 2,80,428 ரூபாயில் செலவு 8,880 என்றே வைத்தாலும் மிகை ஏறக்குறைய 97 சதவீதம். அட்டவணையில் நாம் பார்த்த விதியைப் பின்பற்றும் விற்பவருக்கு இந்த மிகையும் தேவை நெகிழ்ச்சியும் ஒன்றுக்கொன்று தலைகீழ் என்று லெர்னர் காட்டினார். விலை 1 சதவீதம் இறங்கினால் விற்பனை எத்தனை சதவீதம் ஏறும் என்பதுதான் நெகிழ்ச்சி. 97 சதவீத மிகைக்கு அது 1.03. விலை இறங்கும் அளவுக்கு மேல் விற்பனை மிகச் சிறிதே ஏறுகிறது என்று அர்த்தம். விற்பவர் நிற்பது, இறுதிநிலை வருவாய் கிட்டத்தட்ட பூஜ்யமாகும் இடத்தில். அதாவது செலவே இல்லாத கூர்னோவின் ஊற்றுக்காரர் பக்கத்தில். செய்யச் சில ஆயிரமும் விற்க லட்சமும் ஆகிற ஒரு மாத்திரை, கணக்கில் ஊற்று நீரைப் போலத்தான்.

இதை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. விற்பவர் இந்தியச் சந்தையை மட்டும் மனத்தில் வைத்து விலை வைத்தார் என்ற அனுமானம் இதில் ஒளிந்திருக்கிறது. உலகளாவிய நிறுவனம் ஒன்று இங்கே மலிவாக விற்றால், மற்ற நாடுகளின் அரசுகள் அந்த விலையைச் சுட்டிக்காட்டிப் பேரம் பேசும். அப்போது ஐந்தாவது வீட்டுக்குக் குறைத்த வாடகையைக் கேட்டு அடுத்த தெருக்காரர்களும் வந்ததுபோல் ஆகிவிடும். அந்த இழப்பும் இறுதிநிலை வருவாயில் கழியும். தவிர, சந்தை முழுவதும் பேயர் கையில் இருந்ததாகவும் சொல்ல முடியாது. ஆணைக்கு முன்பே சிப்லா இந்த மருந்தை விற்றுவந்தது. அதன் மீது காப்புரிமை மீறல் வழக்கு நடந்துகொண்டிருந்தது. நோயாளிகளுக்கான உதவித் திட்டம் ஒன்றும் தன்னிடம் இருப்பதாகப் பேயர் வாதிட்டது. ஆளுக்கொரு விலை வைக்க முடிந்த அளவுக்கு, பழையவர்களுக்குத் திருப்பித் தரும் தொல்லை இல்லை; அந்த அளவுக்குக் கயிறு பின்னால் நகரும். ஒரே விலை என்ற கட்டு தளர்ந்தால் நம் விதியும் தளரும்.

நிறுவனங்களில் உட்கார்ந்து யாராவது இந்தக் கோடுகளை வரைகிறார்களா? 1939-ல் வெளியான ஆய்வுக்காக ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஹாலும் ஹிட்சும் தொழிலதிபர்களை நேரில் கேட்டார்கள். செலவைக் கணக்கிட்டு அதன்மேல் ஒரு லாபத்தை வைக்கிறோம் என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். பொருளியலாளர்களிடையே அது பெரிய விவாதத்தைக் கிளப்பியது. எனக்கு அந்தப் பதிலில் முரண் தெரியவில்லை. எவ்வளவு லாபம் வைப்பது என்பதை அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள்? ஏற்றிப் பார்த்து, விற்பனை விழுந்தால் இறக்கி, மறுபடி ஏற்றி. வீட்டுக்காரருக்கும் இறுதிநிலை வருவாய் என்ற சொல் தெரியாது. ஐந்தாவது வீட்டை ஏன் பூட்டி வைத்தார் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

கயிற்றை நகர்த்தியது எது

விற்பவரிடம் கருணையைக் கேட்டுக் கயிறு நகராது. அவருடைய கணக்கின் உறுப்புகளில் ஒன்று மாறினால்தான் நகரும். மும்பை ஆணை மாற்றியது, தனி ஒருவர் என்ற உறுப்பை. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, மக்களின் நியாயமான தேவை நிறைவேறாதபோதும், பொருள் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்காதபோதும், இன்னொருவர் அதைச் செய்ய அனுமதி தரலாம் என்கிறது. அதற்குக் கட்டாய உரிமம் என்று பெயர். காப்புரிமை பேயரிடமே இருக்கும், உரிமத்தொகையும் கிடைக்கும், விற்பவர் மட்டும் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். ஆண்டுக்கு 600 ஏழை நோயாளிகளுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்ற நிபந்தனையும் நாட்கோவுக்கு விதிக்கப்பட்டது.

பேயர் மேல்முறையீடு செய்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம், நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தலைமையில், 2013 மார்ச்சில் ஆணையை உறுதிசெய்தது. உரிமத்தொகையை மட்டும் 7 சதவீதமாக உயர்த்தியது. 2014-ல் மும்பை உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது.

அதன் பிறகு வேறு சில மருந்துகளுக்கும் இதே பிரிவின்கீழ் விண்ணப்பங்கள் போயின, அவை நிராகரிக்கப்பட்டன. 84-ஆம் பிரிவின்கீழ் இந்தியா கொடுத்திருக்கும் கட்டாய உரிமம் சோராஃபெனிப்புக்கானது ஒன்றுதான்.